முப்பத்தெட்டு அந்தர்

தம்பியின் மேல் எனக்கு இருந்த பொறாமை, தண்ணீர் மாறுகிற வேலையில் தொடங்கியது. தோட்டம் செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்களுக்குப் பத்துப் பரப்புத் தோட்டக் காணி இருந்தது. ஏக்கர்க் கணக்கில் முக்கால் ஏக்கருக்கும் குறைவு. கிணறு மூன்று குடும்பங்களுக்குப் பங்கு. மூன்று நாளைக்கு ஒருமுறை எங்கள் முறை வரும். நான் வளர்ந்த காலத்தில் துலாவால்தான், அதாவது ஏற்றத்தால்தான், இறைப்பு. ஐயா கிணற்றடியில் நின்று பனையோலைப் பட்டை பிடிப்பார். அண்ணையும் நானும் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்போம். நாங்கள் முன்னுக்குப் போனால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு வந்தால் தண்ணீரோடு மேலே வரும். வாய்க்காலில் ஓடிவருகிற அந்தத் தண்ணீரை மண்வெட்டியால் ஒவ்வொரு பாத்திக்கும் திருப்பிவிடுவது தம்பி. அதைத்தான் தண்ணீர் மாறுவது என்போம். நான்கு பேருக்கும் வேலை சரியாக இருந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று பக்கத்துத் தோட்டத்தில் ஆள் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பு இல்லை. பயிர் செழித்தால் ஐயாவின் கண் போவது தண்ணீர் மாறினவனிடம்தான். "அவன் மாறினால் ஒரு பாத்தியும் வாடாது" என்று பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொல்வார். துலாவின் மேலே உள்ளங்கால் காய்த்துப்போக நடந்துகொண்டிருக்கும் எனக்கு அது நன்றாகக் கேட்கும். அவனைவிட நான் நான்கு வயது மூத்தவன். அவன் சேற்றில் கால் குளிர நின்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு மெசின் வந்தது. அறுபதுகளின் நடுவில் ஐயாவும் ஒரு தண்ணீர் இறைக்கிற மெசின் எடுத்தார். முதல் நாள் நாங்கள் நால்வரும் அதைச் சுற்றி நின்றோம். துலாவில் விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை இழுத்த தண்ணீரை அது இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து கொட்டியது. அதோடு கிணற்றின் அடி தெரிந்தது. ஊற்றுத் திரும்ப ஊறும்வரை மெசினை நிறுத்திவிட்டு இருக்க வேண்டும். பொறுமையில்லாமல் மேலே இறைத்த கிணறுகளில் தண்ணீர் உவராகிப்போன கதை ஊரில் இருந்தது. கிணறு தருகிறது பழைய அளவுதான், காணியும் பழைய பத்துப் பரப்புத்தான். புதிதாகக் காணி வாங்கலாம் என்றால் சுற்றிவர எல்லாரும் எங்களைப்போலப் பிள்ளைகளோடு அரைத் துண்டு, கால் துண்டில் இருந்தார்கள். யார் விற்பார்கள்?

மெசின் வந்தபிறகு இறைப்புக்கு ஒருவர் போதும். இன்னொருவர் நின்றால் சுகமாக இருக்கும். ஆனால் இறைப்பு நாளில் நாங்கள் நான்கு பேரும் போனோம். ஐயா கயிற்றைச் சுற்றி மெசினை இழுத்துவிடுவார். அண்ணை குழாய் வாயில் நிற்பார், குழாய் எங்கேயும் ஓடிவிடும் என்பதுபோல. தம்பி தண்ணீர் மாறுவான். நான் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடந்து, எங்காவது உடைந்துவிடுமா என்று பார்ப்பேன். அது உடையாது. உடையாததால் நான் சில நாள் காலால் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் களை பிடுங்கினோம். காலையில் அண்ணை பிடுங்கிய பாத்தியில் பின்னேரம் நான் பிடுங்குவேன். களைக்கும் முளைக்க நேரம் வேண்டாமா? வேலியை வருடம் இரண்டு தரம் அடைத்தோம். குழை தாழ்ப்பதில், அதாவது இலைதழையை உரமாக மண்ணில் புதைப்பதில், இரண்டு பேர் செய்கிற வேலையை நான்கு பேர் இழுத்து இழுத்துச் செய்தோம். ஒருவரும் சும்மா இருக்கவில்லை, அதுதான் வேடிக்கை. மத்தியானம் நான்கு பேரும் வேர்த்து, களைத்து வந்து இருந்தோம். அம்மா ஒரே பானையிலிருந்து நான்கு சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒரே அளவு சோறு போட்டா. யார் எவ்வளவு செய்தது என்று அந்தப் பானை கேட்கவில்லை. ரோட்டில் யாராவது "என்ன செய்யிறாய்?" என்று கேட்டால் "தோட்டம்" என்று சொல்வேன். பொய்யும் இல்லை.

உள்ளுக்குள் மட்டும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இந்த நான்கில் ஒருவர் கூடுதல். அது யார்? நடுகிற நாட்களிலும் வெங்காயம் கிண்டி எடுக்கிற நாட்களிலும் எனக்கு மனம் ஆறுதலாக இருக்கும். அப்போது எல்லாருடைய கையும் தேவைப்பட்டது. வருடத்தில் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களைக் காட்டித்தான் மற்ற நாட்கள் முழுவதும் நான் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

எழுபதாம் ஆண்டை ஒட்டி, வன்னியில் இளைஞர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவர் எழுதிப் போடலாம். காடு வெட்டின நிலம், வாய்க்கால் தண்ணீர், தலைக்கு இரண்டு ஏக்கர். ஒரு பின்னேரம் ஐயா கிராமசேவகரிடம் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "வன்னிக்கு ஒரு ஆள் போகவேணும்" என்றார்.

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. போகிறவன்தான் கூடுதல் ஆள் என்று என் மனம் அந்த நிமிடமே முடிவுகட்டிவிட்டது. வீட்டுக்குத் தேவையான ஆளை யாராவது காட்டுக்கு அனுப்புவார்களா?

"தம்பி போகட்டும். அவன்தான் உடம்பு உள்ளவன். காடு வெட்ட அவன்தான் சரி" என்றேன்.

ஐயா என்னைப் பார்த்தார். "அவன் போனால் தண்ணி ஆர் மாறுறது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நான் பக்கத்தில் மலை மாதிரி நிற்கிறேன், ஆர் மாறுவது என்று கேட்கிறார்.

"நான் மாறுறன். நான் மாறினால் தண்ணி ஓடாதோ?"

"ஓடும்" என்றார் ஐயா. அண்ணைக்கு அந்த ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது, அவர் எங்கேயும் போகிற ஆள் இல்லை. தம்பி கோழிக்கு அரிசிக்குறுணல் போட்டுக்கொண்டிருந்தவன், நிமிர்ந்து, "நான் போறன்" என்றான். அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது அழுதிருக்கலாம்.

அவன் ஒரு தகரப் பெட்டியோடும் மண்வெட்டியோடும் பஸ் ஏறினான். அம்மா கண்ணைத் துடைத்தா. நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே எனக்கு இருந்தது சந்தோஷம்தான். அடுத்த இறைப்பு நாள் அவன் விட்டுப்போன இடத்தில் சேற்றில் கால் வைத்து நின்றபோது, வேறு ஒருவனின் கதிரையில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது.

அந்தப் போகம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறு பரப்பில் வெங்காயம். பாத்தி பாத்தியாகப் பார்த்துத் தண்ணீர் மாறினேன். மூலைப் பாத்திக்குத் தண்ணீர் காணாது என்று கையால் அள்ளிக்கூட ஊற்றினேன். அவன் காலத்தில் முப்பத்தெட்டு அந்தர் விளைச்சல் விழுந்தது, ஒரு அந்தர் என்றால் ஏறக்குறைய ஐம்பது கிலோ. நாற்பதைத் தாண்ட வேண்டும், தாண்டினால் ஐயா பக்கத்துத் தோட்டக்காரரிடம் என்ன சொல்வார் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். படுக்கையில் கிடந்தபடி அந்த வசனத்தை ஐயாவின் குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கிண்டி, தாளோடு பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலில் தொங்கவிட்டுக் காயவைத்து, நிறுத்துப் பார்த்தோம். முப்பத்தெட்டு அந்தர்.

திரும்ப நிறுப்போம் என்றேன். அண்ணை சிரித்தார். திரும்ப நிறுத்தாலும் முப்பத்தெட்டுத்தான்.

எனக்கு முதலில் ஏமாற்றம். தராசடியில் நின்றபோதே அந்த ஏமாற்றத்தை வேறு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். அவன் போயும் ஒரு அந்தர்கூடக் குறையவில்லையே! அப்படியென்றால் அவன் இங்கே நின்று செய்தது என்ன? இவ்வளவு காலமும் அவனுக்குக் கிடைத்த பெயர் எதற்கு? இது நாற்பதைவிட நல்லது என்று பட்டது. அன்று சோற்றுக்கு இருந்தபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பாத்தியளே ஐயா? அவன் போயும் ஒண்டும் குறையேல்லை. அவனில்லாட்டில் தோட்டம் படுத்திடும் எண்ட மாதிரிக் கதைச்சியள்."

ஐயா குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டே சொன்னார். "ஓமடா. ஆர் போயிருந்தாலும் இவ்வளவுதான் விழும். கிணறு தாறதுதானே விழும்."

"ஆர் போயிருந்தாலுமோ?"

"ஓம்."

"நான் போயிருந்தாலுமோ?"

"நீ போயிருந்தாலும்தான்." அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை, மழை பெய்யும் பெய்யாது என்று சொல்கிற குரல். பிறகு, "உன்ரை பேரைத்தான் நான் முதல் எழுதுவிச்சனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"வன்னிக் காணிக்கு. மூத்தவன் கொண்ணருக்கு இந்தக் காணி காணும். உனக்கெண்டு ஒரு துண்டு வேணுமெல்லே, நீதான் அடுத்தவன். கிராமசேவகர் உன்ரை பேரைப் போட்டு வைச்சிருந்தவர். வந்து சொல்ல வெளிக்கிட நீ துள்ளினாய். விருப்பமில்லாதவனைக் காட்டுக்குக் கலைக்கேலுமே? அடுத்த நாள் போய் வெட்டுவிச்சுத் தம்பியின்ரை பேரைப் போட்டன்."

"தண்ணி ஆர் மாறுறது எண்டு கேட்டியளே?"

"ஆள் வேணுமெண்டு கேட்டனான். அவனைப்போல ஆள் இல்லையெண்டே சொன்னனான்?"

அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டா. வேண்டாம் என்றேன். எனக்கென்று எழுதின இரண்டு ஏக்கரை நானே பேசிப் பேசி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு, அவனைத் துரத்திவிட்டேன் என்று ஒரு போகம் முழுவதும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு தண்ணீர் மாறியிருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை எங்கள் ஊரில் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் என்னைக் கொன்ற வருடங்கள். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. தோட்டக்காரர் எல்லாருக்கும் நல்ல காலம் வந்தது. எங்களுக்கும் வந்தது. ஆனால் பத்துப் பரப்பில் வருகிற நல்ல காலத்தை ஐயா, அம்மா, அண்ணை, அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், நான் என்று பிரித்தால் என் பங்குக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். தம்பி இரண்டு ஏக்கரிலும் மிளகாய் போட்டான். முதல் வருடம் மண்சுவர் வைத்து வீடு கட்டினான். மூன்றாம் வருடம் பாதிப் பங்குக்கு உழவு மெசின் எடுத்தான். ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் உடுப்புக் கொண்டுவருவான். எனக்குக் கொண்டுவந்த சேர்ட்டை நான் இரண்டு வருடம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். போட்டால் நல்லாயிருக்கும் என்று தெரிந்ததால்தான் போடவில்லை.

கடிதமும் போடுவான். ஒவ்வொன்றிலும் ஒரே முறைப்பாடு. இங்கே ஆள் காணாது. பழம் பழுத்து விழுகிறது, பிடுங்க ஆளில்லை. சின்னண்ணை வந்து ஒரு மாதம் நின்றால் பெரிய உதவி. அம்மா வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பா.

"எனக்கு இஞ்சை தோட்டத்திலை வேலை இருக்கு" என்பேன். அண்ணைக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். என் காணியாக இருக்க வேண்டிய காணியில் போய், தம்பிக்குக் கூலியாள் மாதிரி மிளகாய் பிடுங்குவதா?

தோட்டத்தில் எனக்கு இருந்த அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குக் காட்டியது என் குடல்தான். வெங்காயம் கிண்டுவதற்கு ஒரு கிழமை இருக்கையில் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றை வெட்டிக் குடல்வாலை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். கிண்டுகிற நாட்கள்! என் தலையை நிமிர்த்தி வைத்திருந்த அந்த நாட்கள்!

கட்டிலில் கிடந்து நான் நினைத்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். வெங்காயம் மண்ணுக்குள் கிடந்து கொஞ்சம் அழுக வேண்டும் என்று நினைத்தேன். முழுவதும் வேண்டாம். ஒரு நான்கைந்து பாத்தி. நான் இல்லாததால்தான் இப்படியாகிவிட்டது என்று நான்கு பேர் சொல்கிற அளவுக்கு. ஐயா பார்க்க வந்த ஒவ்வொரு முறையும் "தோட்டம் எப்பிடி?" என்று கேட்டேன். அவர் நான் அக்கறையில் கேட்கிறேன் என்று நினைத்து, "நீ யோசியாதை, எல்லாம் நல்லாப் போகுது" என்று என் தலையைத் தடவினார்.

சில கிழமை கழித்து வீட்டுக்கு வந்தபோது கொட்டிலில் வெங்காயம் காய்ந்து, நிறுத்தும் முடிந்திருந்தது. அண்ணையும் ஐயாவும் அண்ணியும் விடியல் வெள்ளாப்போடு தொடங்கிக் கிண்டியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் நின்றபோது ஐந்து நாள் எடுத்த வேலை, இம்முறை ஆறு நாள். கதை குறைவாக இருந்திருக்கும்.

"எவ்வளவு?" என்று அண்ணையிடம் கேட்டேன்.

"முப்பத்தொன்பது" என்றார்.

ஒரு அந்தர் கூட. மழை சரியாகப் பெய்தது என்று ஐயா விளக்கம் சொன்னார். எனக்கு அந்தக் கொட்டிலுக்குள் நிற்க முடியவில்லை. தம்பியின் மேல் இருந்த பொறாமையாவது ஒரு மனிதனின் மேல் இருந்தது. அன்று அந்தப் பாத்திகளின் மேலேயே பொறாமைப்பட்டேன். பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் நான் அவற்றோடு நின்றேன், அவை என்னைத் தேடவேயில்லை.

அடுத்த மாசியில் தம்பியின் கடிதம் வந்தபோது அம்மா வாசித்து முடித்துவிட்டு, "சும்மாதானே நிக்கிறாய். ஒருக்காப் போயிட்டு வாவன்" என்றா. "சும்மா" என்ற சொல் அந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தரம். அம்மா அதை நோகச் சொல்லவும் இல்லை. வாயில் வந்துவிட்டது. நான் அந்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

வன்னியில் இறங்கி நடந்துபோனபோது தூரத்திலேயே சிவப்புத் தெரிந்தது. கிட்டப் போனால் செடிக்கடியிலும் சிவப்பு. பிடுங்காமல் விழுந்த பழங்கள் மண்ணில் கிடந்து வெடித்து வெளுத்துக்கொண்டிருந்தன. தம்பியும் கூலிக்கு நின்ற ஒரு கிழவரும் ஒரு மூலையில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இந்தத் தொங்கலில் தொடங்கி அந்தத் தொங்கலுக்குப் போவதற்குள் நடுவில் பழுத்தது விழுந்துவிடும். தம்பி கறுத்து, மெலிந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். அவன் கொழுத்துப்போய்க் கதிரையில் இருப்பான் என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மெலிந்தவனைப் பார்த்தும் என் பொறாமை குறையவில்லை. அவனை மெலியவைக்க அவனுக்கு ஒரு நிலம் இருந்தது.

"வாங்கோ சின்னண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா இருங்கோ" என்றான்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினேன். அவனுக்காக இறங்கவில்லை. பழம் அப்படிக் கிடந்து பழுதாவதைத் தோட்டக்காரன் ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பின்னேரம் கை இரண்டும் எரிந்தது. கண்ணைத் துடைக்கப் போய்க் கண்ணும் எரிந்தது. ஆனால் நான் நின்ற இடத்துக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தபோது, இரண்டு வரிசை பச்சையாக நின்றது. காலையில் சிவப்பாக இருந்த வரிசைகள். என் வாழ்க்கையில் நான் போன இடமும் போகாத இடமும் வேறு வேறாகத் தெரிந்ததை அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் கிழவர் எழும்ப முதல் நான் வரிசைக்குள் நின்றேன்.

நான்கு கிழமை நின்றேன். கடைசிப் பாயில் பரப்பின பழமும் காய்ந்த அன்று தம்பி சாக்குகளில் மிளகாய் அடைத்தான். நான் சணலால் வாய் தைத்தேன். முடிந்ததும் அவன் மூன்று மூட்டையை இழுத்து ஒரு பக்கமாக நிறுத்தினான்.

"சின்னண்ணை, நீங்கள் வராட்டில் இது மூண்டும் மண்ணுக்கைதான் போயிருக்கும். உங்கடை கைதான் இது" என்றான்.

இந்தப் பேச்சை ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன்! ஐயா சொல்வார் என்று சேற்றில் நின்று காத்திருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து காத்திருந்தேன். இதோ, மெய்யாகவே சொல்லிவிட்டார்கள். சொன்னவன் அவன். மண் அவனுடையது, மூட்டை அவனுடையது. அவனை அன்று கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல இருந்தது, அவன் முகத்தில் அறையவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"எங்கை வைக்கிறது?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கு, சுவரோடை" என்றான். நான் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் அவனுடைய வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கினேன்.